தொண்ணூறு பக்க இயலும் பத்து நிமிட உரையும்: ஒரு நில அட்டவணையை முன்வைத்து

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காம் இயல், செட்டிநாட்டு வட்டிக்கடைகள் கீழ் பர்மாவில் நடத்திய கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. 1852இல் கீழ் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்ததில் தொடங்கி, 1942இல் ஜப்பானியப் படைகள் ரங்கூனைப் பிடித்தபோது குடும்பங்கள் வெளியேறியது வரை அந்த இயல் செல்கிறது. தொண்ணூறு பக்கங்களைத் தாண்டும் அதைக் காரைக்குடியில் நடந்த ஒரு வரலாற்றுக் கருத்தரங்கில் பத்து நிமிடங்களுக்குள் பேச வேண்டியிருந்தது. கேட்கப் போகிறவர்களில் வரலாற்றுத் துறையினர் பாதி, பொருளியல் மாணவர்கள் சிலர். தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான் ஊர்களிலிருந்து வரும் பெரியவர்களும் இருப்பார்கள் என்று முன்பே தெரியும். அந்த உரையை எப்படி உருவாக்கினேன் என்பதை, எடுத்த முடிவுகளின் காரணத்தோடு இங்கே எழுதுகிறேன்.

இயலில் ஐந்து பகுதிகள் இருந்தன: மக்கள் சென்ற வரலாறு, கடையின் அமைப்பு, வட்டி நிர்ணயம், நிலம் கைமாறியது, வெளியேற்றம். ஐந்துக்கும் தலா இரண்டு நிமிடம் என்று பிரித்துக்கொள்வதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. கருத்தரங்குகளில் நான் கேட்ட உரைகளில் பெரும்பாலானவை அப்படித்தான் அமைந்திருந்தன. அதில் உள்ள இடர் என்னவென்றால், இரண்டு நிமிடத்துக்குள் ஒரு பகுதியின் முடிவைச் சொல்லலாமே தவிர அதற்கான சான்றைக் காட்ட இயலாது. கேட்பவர் ஐந்து முடிவுகளைக் கேட்டுவிட்டு, எதையும் நம்புவதற்கோ மறுப்பதற்கோ வழியில்லாமல் எழுந்து போவார். ஆகவே ஒரே ஒரு முடிவை எடுத்து, அதன் சான்றை அரங்கில் எல்லோர் கண்முன்னும் வைப்பது என்று தீர்மானித்தேன்.

எந்த முடிவை எடுப்பது என்பதற்கு நான் கையாண்ட சோதனை எளிமையானது. ஐந்து பகுதிகளில் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, மற்ற நான்கும் அதில்லாமல் நிற்கின்றனவா என்று கேட்டுக்கொண்டேன். வட்டி நிர்ணயம் பற்றிய பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆயினும் அதை எடுத்துவிட்டாலும் இயலின் வாதம் நிற்கிறது. நிலம் கைமாறிய பகுதியை எடுத்தால், 1930க்கு முந்தைய கதைக்கும் 1942இல் நேர்ந்த இழப்புக்கும் இடையே தொடர்பே இல்லாமல் போகிறது. அந்தப் பகுதியின் நடுவில் ஓர் அட்டவணை இருந்தது. பர்மாவின் நிலம், வேளாண்மைக் குழு 1938இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள அட்டவணை அது. கீழ் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் சாகுபடியில் உள்ள மொத்த நிலம், அதில் வேளாண்மை செய்யாதவர்களுக்குச் சொந்தமானது, அதிலும் செட்டியார்களுக்குச் சொந்தமானது என்று 1930 முதல் 1937 வரை ஆண்டுவாரியாகத் தருகிறது. 1930இல் செட்டியார்களிடம் இருந்தது 5 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர். மொத்தத்தில் 6 விழுக்காடு. 1937இல் 24 லட்சத்து 46 ஆயிரம் ஏக்கர். அது 25 விழுக்காடு. ஏழே ஆண்டுகளில் நான்கு மடங்குக்கு மேல்.

இந்த அட்டவணைதான் உரை என்று முடிவு செய்த பிறகும், அதைக் கொண்டு என்ன சொல்கிறேன் என்பது ஒரு வாக்கியமாக உருவாகவில்லை. அட்டவணை நிலம் யாரிடம் இருந்தது என்று சொல்கிறது; ஏன் அவர்களிடம் வந்தது என்று சொல்வதில்லை. அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஆச்சி ஒருவரிடம் வரைவைப் படித்துக் காட்டினேன். அவருடைய அப்பச்சி கீழ் பர்மாவின் பியாப்பொன் பக்கம் கடை வைத்திருந்தவர். முற்றத்துத் தூணில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது இதுதான்: “ஏம்மா, இவ்வளவு சொல்றியே, அந்த நிலத்தை ஆசைப்பட்டு வாங்குனாகளா, இல்ல வேற வழியில்லாம எழுதி வாங்குனாகளா? அதை முதல்ல சொல்லிப்புட்டு மத்ததைச் சொல்லு.” என் இயலும் அந்தக் கேள்விக்குத்தான் விடை சொல்கிறது, அது எழுபதாம் பக்கத்தில் வருகிறது. ஆய்வேட்டுக்கு அந்த ஒழுங்கு சரி. முன்னாய்வுகள், ஆதாரங்களின் தன்மை, அளவீட்டு முறை எல்லாவற்றையும் நிறுவிய பின்னரே முடிவைச் சொல்ல வேண்டும் என்று தேர்வாளர் எதிர்பார்ப்பார். அரங்கில் இருப்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க இயலாதவர் என்பதால், எதற்காகக் கேட்கிறோம் என்பது அவருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்தாக வேண்டும்.

அன்று இரவு எழுதிய வாக்கியம் இது: “1930க்குப் பின் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் கால் பங்கு செட்டியார்களிடம் வந்ததற்குக் காரணம் நில வேட்கையன்று, நெல் விலை சரிந்து, கொடுத்த கடன் திரும்பாமல் போனதே.” இதை நெறியாளரிடம் காட்டினேன். அவர் இரண்டு இடங்களில் கோடிட்டார். “கீழ் பர்மாவின் நெல் நிலத்தில்” என்பது பிழை. 13 மாவட்டங்களில் சாகுபடியில் உள்ள நிலத்தில் என்பதே அட்டவணை சொல்வது. “காரணம்” என்பதற்கு அட்டவணை மட்டும் போதாது. வேறு என்ன சான்று வைக்கப் போகிறாய் என்று பக்கத்தில் எழுதியிருந்தார்.

முதல் திருத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீண்ட இயலைச் சுருக்கும்போது முதலில் உதிர்வது எதன் கால் பங்கு, எதன் 6 விழுக்காடு என்னும் அடிப்படைதான். பக்கங்களில் அது ஒருமுறை விளக்கப்பட்டு, பிறகு “மேற்கண்ட மாவட்டங்களில்” என்று தொடர்கிறது. சுருக்கத்தில் அந்த ஒருமுறை விளக்கம் போய்விட, எஞ்சுவது “பர்மாவின் கால் பங்கு நிலம்” என்ற பொய். இது வெறும் துல்லியக் குறைவு அன்று. 1930களில் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிரான கலவரங்கள் நடந்த நாட்டைப் பற்றிப் பேசுகிறோம். நாடு முழுவதிலும் கால் பங்கு என்று சொல்வது இரு பக்கத்துக்கும் தீங்கு செய்யும். எனவே எந்தச் சொற்களை வெட்டக் கூடாது என்று ஒரு சிறு பட்டியல் எழுதி மேசையில் ஒட்டிவைத்தேன். 13 மாவட்டங்கள், சாகுபடி நிலம், 1930 முதல் 1937 வரை ஆகிய மூன்றும் அதில் இருந்தன. மற்ற எதை வேண்டுமானாலும் வெட்டலாம். இவற்றை ஸ்லைடிலும் பேச்சிலும் இருத்துவது என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

இரண்டாம் கேள்விக்கான விடை அட்டவணையின் முதல் வரிசையிலேயே இருந்ததை அதன் பிறகுதான் சரியாகப் பார்த்தேன். செட்டியார்கள் கீழ் பர்மாவில் பல பத்தாண்டுகள் கடன் கொடுத்தவர்கள். 1930இல் வெளிவந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை, பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றில் புழங்கிய பணம் 75 கோடி ரூபாய் அளவில் இருந்ததாகவும் மதிப்பிட்டது. அத்தனை காலம், அத்தனை பணம், கடனுக்கு ஈடு பெரும்பாலும் நிலம். இருந்தும் 1930இல் அவர்களிடம் இருந்தது 6 விழுக்காடு. நிலத்தைச் சேர்ப்பதே நோக்கம் என்றால் அந்த எண் மிகப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். பல பத்தாண்டுகளில் 6, அடுத்த ஏழு ஆண்டுகளில் மேலும் 19. இந்த ஒப்பீடு வாதத்தின் முதுகெலும்பாக அமைந்தது. புதிய தரவு எதுவும் தேவைப்படவில்லை.

இனி நேரக் கணக்கு. தமிழில் சொற்கள் நீளமானவை. வேற்றுமையும் துணைவினையும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. அரங்கில் கடைசி வரிசைக்கும் புரியும்படி நிதானமாகப் பேசினால் எனக்கு நிமிடத்துக்கு எண்பதிலிருந்து தொண்ணூறு சொற்கள் வருகின்றன. அவரவர் வேகத்தைக் கைப்பேசியில் ஒரு பக்கம் பதிவுசெய்து எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆங்கில உரைகளுக்கென்று சொல்லப்படும் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் உரை நிச்சயம் நீளும். பத்து நிமிடத்தில் ஒரு நிமிடத்தை மேடையேறுவது, ஒலிவாங்கியைச் சரிசெய்வது, ஸ்லைடு மாறும் இடைவெளி ஆகியவற்றுக்கு விட்டுவிட்டேன். எஞ்சிய ஒன்பது நிமிடத்துக்கு 750 சொற்கள். இயல் இருபதாயிரம் சொற்களை ஒட்டியது. நூறு சொல்லில் நான்கு சொல் மட்டுமே மிஞ்சும் என்று தெரிந்ததும், இயலின் வாக்கியங்களை வெட்டி ஒட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டு, கோப்பை மூடி வைத்து, மேற்சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு உரையைப் புதிதாக எழுதினேன். எழுத்துக்காகக் கட்டிய நீண்ட வாக்கியத்தை வாய் தாங்காது. வினைமுற்று வரும்வரை கேட்பவர் முழுச் சுமையையும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருப்பதால், உரையில் ஒரு வாக்கியத்துக்குப் பத்துச் சொற்களுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

வாதத்துக்கு ஐந்து படிகள் போதுமாயின. கேள்வி ஒரு நிமிடம். கடன் எப்படி ஓடியது என்பது இரண்டு நிமிடம். விலை சரிந்தது ஒரு நிமிடம். அட்டவணையும் அதன் பொருளும் நான்கு நிமிடம். முடிவும் வாதத்தின் வரம்பும் ஒரு நிமிடம். அட்டவணைக்கு நான்கு நிமிடம் என்பது பலருக்கு மிகையாகத் தோன்றலாம். சான்றைப் பார்க்கக் கேட்பவருக்கு நேரம் தேவை. அச்சு எது, கோடு எது என்று அவர் கண்ணால் தேடும்போது நாம் அடுத்த கருத்துக்குப் போய்விட்டால் இரண்டும் அவரிடம் சேராது.

ஸ்லைடுகளுக்கு வருகிறேன். தலைப்பு ஸ்லைடுக்கு அடுத்துப் பொருளடக்க ஸ்லைடு வைக்கவில்லை. பத்து நிமிட உரையில் அது அரை நிமிடத்தைத் தின்றுவிடும். இரண்டாம் ஸ்லைடில் இரண்டே எண்கள் இருந்தன: இடப்பக்கம் “1930: 6%”, வலப்பக்கம் “1937: 25%”. கீழே ஒரே வரியில் “13 நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் செட்டியார் பங்கு”. மேலே தலைப்பாக “ஏழு ஆண்டுகளில் என்ன நடந்தது?”. வேறொன்றும் இல்லை. முதல் நிமிடத்தில் ஆச்சியின் கேள்வியை என் சொற்களில் வைத்தேன்.

மூன்றாம் ஸ்லைடு கடன் ஓடிய வழி. இயலில் இது முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடையின் படிநிலையோடு பன்னிரண்டு பக்கங்கள் போகும். உரைக்குத் தேவையானது மூன்று பெட்டிகளும் இரண்டு அம்புகளும்தான்: செட்டிநாட்டு முதலீடு, ரங்கூனிலும் உள்ளூரிலும் இருந்த கடை, நெல் விவசாயி. விவசாயியிடமிருந்து கடைக்குத் திரும்பும் அம்பின் மேல் “அறுவடைக்குப் பின் பணம்” என்று எழுதி, அடியில் புள்ளிக்கோடாக “ஈடு: நிலம்” என்று காட்டினேன். அடுத்த ஸ்லைடில் அதே படம். பணம் திரும்பும் அம்பு மட்டும் வெளிறியிருந்தது, நிலத்தின் புள்ளிக்கோடு தடித்த கோடாகியிருந்தது. 1930இன் இறுதியில் நெல் விலை சரிந்தபோது நேர்ந்ததைச் சொல்ல அந்த ஒரு மாற்றம் போதுமானது. படத்தின் மற்ற எதுவும் அணுவளவும் நகராமல் இருக்க வேண்டும். நகர்ந்தால் கண் நகர்வைத்தான் பார்க்கும். அதற்காக மூன்றாம் ஸ்லைடை நகலெடுத்து, நகலில் அந்த இரு கோடுகளை மட்டும் மாற்றினேன்.

ஐந்தாம் ஸ்லைடு அட்டவணை. இயலில் எட்டு ஆண்டுகள், ஐந்து நெடுவரிசை என்று நாற்பது எண்கள் இருந்தன. அரங்கில் அந்த அட்டவணையை அப்படியே காட்டினால் ஒருவராலும் படிக்க முடியாது. “பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, மன்னிக்கவும்” என்று சொல்லிக்கொண்டே காட்டும் வழக்கம் கேட்பவரை மதிக்காத வழக்கம். நாற்பது எண்களில் வாதத்துக்கு வேண்டியது ஒரு நெடுவரிசை: 6, 9, 15, 19, 22, 24, 25, 25. இதை ஒரே கோடாக வரைந்தேன். செங்குத்து அச்சை 0இல் தொடங்கி 30 வரை வைத்தேன். 5இல் தொடங்கினால் ஏற்றம் மிகையாகத் தெரியும், அது நேர்மையாகாது. பின்னணிக் கட்டக்கோடுகளை நீக்கினேன். எட்டுப் புள்ளிகளில் மூன்றுக்கு மட்டும் எண் எழுதினேன்: 1930க்கு 6, 1933க்கு 19, 1937க்கு 25. அந்த மூன்றைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஏற்றம் முழுவதும் சமமாக இல்லை. முதல் மூன்று ஆண்டுகளில் 13 புள்ளிகள், அடுத்த நான்கு ஆண்டுகளில் 6 புள்ளிகள். விலைச் சரிவை ஒட்டியே ஏற்றம் செங்குத்தாக இருக்கிறது, பிறகு தணிகிறது. நிலத்தைச் சேர்க்கும் திட்டமிட்ட முயற்சியாக இருந்திருந்தால் கோடு இந்த வடிவில் இருக்காது என்பதே நான் சொல்ல விரும்பியது. எனவே ஸ்லைடின் தலைப்பை “செட்டியார் நிலப்பங்கு, 1930–1937” என்று வைக்காமல், “விலை சரிந்த மூன்று ஆண்டுகளில்தான் நிலம் வேகமாகக் கைமாறியது” என்று முழு வாக்கியமாக வைத்தேன். கேட்பவர் ஒரு கணம் கவனம் சிதறி மீண்டாலும் அந்த வாக்கியம் அவரை உரைக்குள் இழுத்துவிடும்.

இந்த வரைபடத்தை மூன்று கட்டமாகக் காட்டினேன். முதலில் வெறும் அச்சுகள். கீழே ஆண்டு, பக்கவாட்டில் விழுக்காடு, எதன் விழுக்காடு என்று அப்போதே சொல்லிவிட்டேன். அடுத்து 1930ஆம் ஆண்டுப் புள்ளி மட்டும். பல பத்தாண்டுக் கடனுக்குப் பிறகும் இவ்வளவுதான் என்ற வாதம் அங்கே. மூன்றாவதாக முழுக் கோடு. மென்பொருளின் அசைவூட்ட வசதியைப் பயன்படுத்தவில்லை. மூன்றையும் மூன்று தனி ஸ்லைடுகளாகவே செய்தேன். பிடிஎஃப் கோப்பாக மாற்றும்போது அசைவூட்டங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்.

பிடிஎஃப் ஏன் என்பதற்குக் காரணம் தமிழ் எழுத்துரு. நம் ஆய்வேடுகள் பலவும் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகின்றன. அவற்றிலிருந்து நகலெடுத்து ஸ்லைடில் ஒட்டினால் நம் கணினியில் தமிழாகத் தெரிவது, அரங்கின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். ஆனாலும் கணினிக்குக் கணினி எழுத்துரு மாறி, வரிகள் நீண்டு, பெட்டியைத் தாண்டி வழியும். பிடிஎஃப் கோப்பில் எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடுவதால் எங்கும் ஒரே மாதிரி தெரியும். மாற்றிய பின் கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் சரியான இடத்தில் இருக்கின்றனவா, எங்கேனும் புள்ளிவட்டம் தோன்றியிருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். எழுத்தின் அளவைத் தலைப்புக்கு 36, மற்றவற்றுக்கு 28 என்று வைத்தேன். தமிழ் எழுத்துகளுக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் வரிகளுக்கிடையே சற்றுக் கூடுதலாக இடம் விட வேண்டியிருந்தது. செங்குத்து அச்சின் பெயரை மென்பொருள் தானாகச் செங்குத்தாகத் திருப்பி எழுதும். கழுத்தைச் சாய்த்துத் தமிழ் படிப்பது கடினம். அதை நீக்கிவிட்டு அச்சின் உச்சியில் கிடைமட்டமாக ஒரு சிறு பெட்டியில் எழுதினேன். நம் அரங்குகளில் சாளரத் திரைகள் வெளிச்சத்தை முழுதாக மறைப்பதில்லை என்பதால் வெள்ளைப் பின்னணியும் அடர்நீலக் கோடும்.

வரைபடத்துக்கு அடுத்த ஸ்லைடில் ஒரு பேரேட்டின் படம். தேவகோட்டையில் ஒரு வீட்டார் தங்கள் பாட்டனார் கடையின் ஐந்தொகைக் கணக்கைப் பார்க்க அனுமதித்திருந்தார்கள். முன்பு வரவேண்டிய கடனாக எழுதப்பட்ட ஒரு தொகை, சில ஆண்டுகள் கழித்து நிலத்தின் பேரில் எழுதப்பட்டிருப்பதை அதில் காணலாம். முழுப் பக்கத்தைக் காட்டுவது அழகாக இருக்கும். பழைய தாளும் கையெழுத்தும் அரங்கைக் கவரும். ஆயினும் எல்லோரும் கையெழுத்தைப் படிக்க முயல்வார்கள், என் பேச்சு கேட்காது. அந்த இரு வரிகளை மட்டும் வெட்டி எடுத்து, பெரிதாக்கி, அடியில் அச்செழுத்தில் எழுதிக் காட்டினேன். கடன்பட்டவர்களின் பெயர்களை மறைத்தேன். வீட்டார் பெயரைச் சொல்லலாமா என்று அவர்களிடமே கேட்டு, வேண்டாம் என்றதால் ஊரை மட்டும் சொன்னேன். அரங்கில் உறவினர்கள் இருக்கும் ஊரில் பேசும்போது இது மரியாதை தொடர்பான செய்தி மட்டுமன்று; அடுத்த ஆய்வாளருக்கு அந்தப் பெட்டகம் திறக்குமா என்பதும் இதைப் பொறுத்தது.

ஒத்திகையை உரக்கப் பேசித்தான் செய்ய வேண்டும். மனத்துக்குள் படிக்கும் வேகம் எப்போதும் குறைவான நேரத்தையே காட்டும். அமர்வுத் தலைவர் எட்டாம் நிமிடத்தில் மணியடிப்பார் என்று அறிவித்திருந்தார்கள். ஐந்தாம் நிமிடத்தில் எந்த ஸ்லைடு திரையில் இருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்: வரைபடத்தின் இரண்டாம் கட்டம், 1930ஆம் ஆண்டுப் புள்ளி. அது பிந்தினால் பேரேட்டு ஸ்லைடை ஒரே வாக்கியத்தோடு கடந்துவிடுவது என்பதையும் முன்பே முடிவு செய்து, அந்த ஒரு வாக்கியத்தையும் எழுதி வைத்திருந்தேன். எதை விடுவது என்று மேடையில் யோசிப்பவர் பெரும்பாலும் முடிவுரையைத்தான் விடுகிறார். ஏனென்றால் அதுவே கடைசியில் இருக்கிறது. உண்மையில் விடக்கூடிய பகுதி நடுவில்தான் இருக்கும்.

வரம்பைச் சொல்லும் நிமிடத்தை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. “வேறு வழியில்லாமல் வாங்கினார்கள்” என்ற வாதம், கவனமாகச் சொல்லப்படாவிட்டால், கடன் கொடுத்தவர்களுக்கான வக்காலத்தாகக் கேட்கும். செட்டிநாட்டில், அந்தக் குடும்பங்களின் பெரியவர்கள் முன்னிலையில் பேசும்போது அந்த ஆபத்து கூடுதல். நிலம் கைமாறியது என்பதன் மறுபக்கம், அத்தனை பர்மிய விவசாயிகள் தங்கள் சொந்த நிலத்தில் குத்தகைதாரராகவோ கூலியாகவோ ஆனார்கள் என்பது. 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் எழுந்த கிளர்ச்சி இதே விலைச் சரிவின் காலத்தில்தான் வெடித்தது. எனவே முடிவு ஸ்லைடில் இரண்டு வாக்கியங்கள் வைத்தேன். “கடன் கொடுத்தவரின் முதலீடு நிலமாக உறைந்தது. கடன் பெற்றவரின் நிலம் கைவிட்டுப் போனது.” உரையில் இதற்கு மேல் ஒரு வாக்கியம்: என் சான்றுகள் கடைக்காரரின் பக்கத்திலிருந்து வருபவை, விவசாயியின் குரலை இந்த அட்டவணையால் தர இயலாது. இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இருபது வினாடி மிஞ்சியிருக்கும். சொல்லியாக வேண்டிய இருபது வினாடிகள் அவை. “நன்றி” என்று மட்டும் எழுதிய ஸ்லைடு வைக்காததால், கேள்வி நேரம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களே திரையில் நின்றன.

கேள்விகளுக்காக முடிவு ஸ்லைடுக்குப் பின் மூன்று கையிருப்பு ஸ்லைடுகள் வைத்திருந்தேன். உரையிலிருந்து வெட்டிய நல்ல பகுதிகளுக்கு உரிய இடம் அதுதான் என்பதால், வெட்டும்போது மனம் வலிப்பதும் குறைகிறது. ஒன்றில் அட்டவணையின் இன்னொரு நெடுவரிசை: வேளாண்மை செய்யாத எல்லோருடைய நிலமும் சேர்ந்து 1930இல் 29 லட்சத்து 43 ஆயிரம் ஏக்கர், 1937இல் 49 லட்சத்து 29 ஆயிரம் ஏக்கர். கூடுதலான ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கரில் 18 லட்சத்து 76 ஆயிரம் செட்டியார்களிடம் வந்தது. பொருளியல் மாணவர் ஒருவர் சரியாக அதையே கேட்டார்: நிலத்தை இழந்தவர்களிடமிருந்து வாங்க வேறு யாரும் இருக்கவில்லையா? கையிருப்பு ஸ்லைடைத் திரையில் போட்டுவிட்டு விடை சொன்னேன். விலை நன்றாக இருந்த காலத்தில், ஈடாக வந்த நிலத்தைக் கடைக்காரர் விற்றுப் பணமாக்கிக்கொள்ள முடிந்தது. வாங்க ஆள் இருந்தது. நெல் விலை சரிந்தபோது நிலத்தின் விலையும் சரிந்தது, வாங்குவோரும் இல்லாமல் போனார்கள். ஆகவே நிலம் வந்த கையிலேயே தங்கியது. 6 விழுக்காடு 25 ஆனதில் புதிதாக வந்த நிலமும் உண்டு, வெளியே போக முடியாமல் நின்ற நிலமும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்ட இந்த அட்டவணை போதாது, கடைகளின் கணக்குகளைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். முன்வரிசையில் இருந்த புதுவயல் பெரியவர் ஒருவர், தம் வீட்டு மேல்மாடிப் பெட்டியில் அப்படிப்பட்ட ஏடுகள் இருப்பதாக அமர்வு முடிந்ததும் வந்து சொன்னார்.